பி.எஃப். பணம் வராமல் நிற்கிறதா? பெயரும் வங்கிக் கணக்கும் பொருந்தாதபோது எதை முதலில் சரிசெய்வது

ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துவிட்டு நின்றவர்கள் பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது பெரும்பாலும் சிக்குவது ஒரே இடத்தில்தான். பி.எஃப். கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர் இருக்கும். மூன்றும் அவருடையதுதான், ஊரில் யாருக்கும் அதில் சந்தேகம் வராது. ஆனால் கணினிக்கு அவை மூன்று ஆட்கள்.

ஒவ்வொன்றையும் சரிசெய்ய வழி இருக்கிறது, பெரும்பாலும் கைபேசியிலேயே முடிகிறது. வரிசை தவறிச் செய்வதால்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. வங்கியை முதலில் தொட்டு, அது நிராகரிக்கப்பட்டு, பிறகு பெயரைத் திருத்தி, மறுபடி வங்கிக்கு வருபவர்களே அதிகம். அதனால் வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டு போகலாம்.

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் கவிதா, ஊர் பேரணாம்பட்டு. திருமணத்துக்கு முன்பு, 2015-இல், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். அப்பா பெயர் கண்ணன் என்பதால் அன்று ஆதாரிலும் பி.எஃப்.பிலும் KAVITHA K என்று பதிவானது, இரண்டும் பொருந்தியதால் ஆதார் இணைப்பும் முடிந்தது. சம்பளக் கணக்கு சிண்டிகேட் வங்கியில். திருமணத்துக்குப் பிறகு ஆதாரை KAVITHA M என்று மாற்றிக்கொண்டார், ஏனென்றால் கணவர் முருகன். அந்த ஆதாரைக் காட்டி வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு வங்கியில் புதுக் கணக்கும் தொடங்கினார். இப்போது வேலையை விட்டுவிட்டார், பணம் வேண்டும். பி.எஃப்.பில் மட்டும் இன்னும் பழைய K-யும், உயிரில்லாத பழைய வங்கிக் கணக்கும் உட்கார்ந்திருக்கின்றன. இவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் யூஏஎன், அதாவது பி.எஃப். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் 12 இலக்க எண். சம்பளச் சீட்டில் இருக்கும், இல்லையென்றால் கம்பெனி டைம் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இன்று வேலை செய்கிற சிம்மாக இருக்க வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் ஆதார் ஓடிபி கேட்கும், அது அந்த எண்ணுக்குத்தான் போகும். சிம் தொலைந்து வேறு எண்ணுக்கு மாறியிருந்தால், வேறு எதையும் தொடாமல் முதலில் ஆதார் மையத்துக்குப் போய்ப் புது எண்ணைச் சேருங்கள். தபால்காரர் மூலமாகவும் இந்தச் சேவை கிடைக்கிறது, உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் கேட்டுப்பாருங்கள்.

மூன்றாவது, வங்கி பாஸ்புக். முதல் பக்கத்தில் கையால் எழுதிய பெயரை நம்பாதீர்கள். கிளையில், "கம்ப்யூட்டரில் என் பெயர் எப்படி இருக்கு, அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் பெயரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு அச்சு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் M. KAVITHA என்று இருக்கும், கணினியில் KAVITHA MURUGAN என்று இருக்கும். பி.எஃப். பக்கத்திலிருந்து கேட்கும்போது வங்கி பதில் சொல்வது கணினியில் இருக்கும் பெயரைத்தான்.

பிரவுசிங் சென்டரில் செய்வதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். யூஏஎன்னைத் தொடங்கும்போது கடைக்காரர் அவசரத்துக்குத் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவது உண்டு. பிறகு கடவுச்சொல் மறந்துபோனால் நீங்கள் அவரைத் தேடி அலைய வேண்டும். எண் உங்களுடையதுதானா என்று திரையைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக விடுங்கள். கடவுச்சொல்லையும் நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

## 2. நான்கு பெயர்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஆதார், பி.எஃப்., வங்கி, பான் நான்கிலும் ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து எழுத்தாக, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறந்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பி.எஃப்.பில் உள்ள பெயரைப் பார்க்க unifiedportal-mem.epfindia.gov.in தளத்தில் உள்ளே போய் View, அதற்குள் Profile. கவிதாவின் தாள் இப்படி வரும்:

```
ஆதார்  : KAVITHA M
பி.எஃப். : KAVITHA K
வங்கி   : KAVITHA M
பான்    : KAVITHA K
```

தமிழில் ஒன்றாக இருந்தாலும் கணக்கில்லை, ஒப்பிடுவது ஆங்கில எழுத்துகளை. நம் பக்கம் அதிகம் மாட்டுகிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவைதான்: இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருப்பது, இனிஷியல் ஒன்றில் ஒற்றை எழுத்தாகவும் மற்றதில் அப்பா பெயராக விரிந்தும் இருப்பது, திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுவது. அப்புறம் Shanthi, Santhi போன்ற எழுத்து வேறுபாடுகள். வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் Mohammed, Mohamed, Md மூன்றும் ஒரே ஆளின் மூன்று ஆவணங்களில் இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

## 3. எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்யுங்கள்

விடை எப்போதும் ஆதார்தான். பி.எஃப்.பில் நீங்கள் பெயர் திருத்தம் கேட்டால், நீங்கள் கொடுக்கும் பெயரை அது ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. வங்கியும் கேஒய்சிக்கு ஆதாரைத்தான் கேட்கிறது. அதனால் மற்ற மூன்றையும் ஆதார் பக்கம் இழுப்பதுதான் சுலபம்.

ஆதாரிலேயே எழுத்துப்பிழை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். இங்கே ஒரு வரம்பு உண்டு: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். கவிதா ஏற்கெனவே ஒரு முறை மாற்றிவிட்டார். பி.எஃப்.புக்காக ஆதாரை மறுபடி K-க்குத் திருப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். இரண்டாவது வாய்ப்பும் தீர்ந்துவிடும். பிறகு M என்று இருக்கும் வங்கிக் கணக்கும் ரேஷன் கார்டும் பொருந்தாமல் போகும்.

ஆதாரில் திருத்தம் கொடுத்திருந்தால் அது முடிந்து, புதிய ஆதாரைத் தரவிறக்கிக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். பாதியில் இருக்கும்போது பி.எஃப்.பில் விண்ணப்பித்தால் பழைய பெயரோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடும்.

## 4. பி.எஃப்.பில் பெயரைத் திருத்துங்கள்

தளத்தில் Manage, அதற்குள் Joint Declaration. உறுப்பினரும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் உறுதிமொழி என்பதால் இந்தப் பெயர். 2025 ஜனவரியில் விதியைத் தளர்த்திய பிறகு எல்லாருக்கும் கம்பெனி ஒப்புதல் தேவைப்படுவதில்லை. உங்கள் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும்.

யூஏஎன் 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு ஆதார் மூலம் உருவாகியிருந்தால்: நீங்களே திருத்தலாம். கம்பெனி ஒப்புதலும் வேண்டாம், பி.எஃப். அலுவலக ஒப்புதலும் வேண்டாம், ஆவணமும் வேண்டாம். அந்தத் தேதியிலிருந்து யூஏஎன் கொடுக்கும்போதே ஆதாரோடு ஒப்பிடுவது கட்டாயமானது, அதனால்தான் இந்தச் சலுகை.

யூஏஎன் அதற்கு முன்னால் கொடுக்கப்பட்டது, ஆனால் ஆதார் இணைந்து சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்றால்: நீங்கள் ஆன்லைனில் கேட்க வேண்டும், கம்பெனி ஒப்புதல் கொடுக்க வேண்டும். பி.எஃப். அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. கவிதா இந்த வகை, 2015-இல் சேர்ந்தவர்.

ஆதாரே இணைக்கப்படவில்லை அல்லது இணைப்பு சரிபார்க்கப்படவில்லை என்றால்: உங்கள் லாகினிலிருந்து செய்ய முடியாது. கம்பெனி வழியாகத்தான் போக வேண்டும், பி.எஃப். அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்படும்.

எந்த வகை என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். விண்ணப்பத்தை அனுப்பும்போது அது கம்பெனிக்குப் போகிறதா, அங்கேயே முடிகிறதா என்று திரையே சொல்லிவிடும்.

படிவத்தில் முதலில் Member ID-ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இரண்டு மூன்று கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரே யூஏஎன்னின் கீழ் இரண்டு மூன்று Member ID இருக்கும். கடைசியாக வேலை பார்த்த இடத்தின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். விண்ணப்பம் அந்த எண்ணுக்கு உரிய கம்பெனிக்குத்தான் போகும், மூடிப்போன பழைய கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அங்கே ஒப்புதல் கொடுக்க ஆளே இருக்காது.

பிறகு பழைய விவரம் ஒரு பக்கமும் புது விவரத்துக்கான கட்டம் ஒரு பக்கமும் வரும். பெயருக்கு எதிரே ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் இருக்கும் இடம் மாறாமல், ஆதாரில் புள்ளி இல்லையென்றால் புள்ளி வைக்காமல் எழுதுங்கள். திருமணமானவர்கள் திருமண நிலை கட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கட்டத்திலும் தவறு இருப்பது தெரிந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். பெயர் திருத்தம் பொதுவாக ஒரு முறைதான் அனுமதிக்கப்படுகிறது, அதனால் அனுப்பும் முன் ஆதாரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

ஆவணம் கேட்டால் ஆதாரோடு பான், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் எதில் புதுப் பெயர் இருக்கிறதோ அதைக் கொடுங்கள். கவிதா பானைக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது, அதில் இன்னும் K இருக்கிறது. பழைய பெயருள்ள ஆவணத்தை வைத்துப் புதுப் பெயரைக் கேட்பது நிராகரிப்புக்கு நல்ல காரணம்.

ஆதார் ஓடிபி போட்டு அனுப்பியதும் ஒரு எண் வரும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கம்பெனியில் பேசும்போது கேட்பார்கள்.

## 5. கம்பெனியில் ஒப்புதல் வாங்குங்கள்

விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் அது காத்திருந்துகொண்டே இருக்கும். கம்பெனி லாகினில் யாராவது உட்கார்ந்து திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் அனுப்பிய அன்றோ மறுநாளோ டைம் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். "சார், என் பேர் கவிதா, தையல் செக்ஷன்ல இருந்தேன். பேர் திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டிருக்கேன். யூஏஎன் இது, உங்க லாகின்ல வந்திருக்கும், அப்ரூவ் பண்ணிக் கொடுங்க" என்று எண்ணோடு சொன்னால் அவர்களுக்குத் தேடுகிற வேலை மிச்சம்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம். நீங்கள் வேலை பார்த்த கட்டடம் ஒரு கம்பெனியுடையதாக இருக்கும், ஆனால் பி.எஃப். கட்டியது கான்ட்ராக்டராக இருக்கலாம். அப்படியானால் ஒப்புதல் கொடுக்க வேண்டியது கான்ட்ராக்டர்தான், கம்பெனி வாசலில் நின்று பயனில்லை. View-க்குள் Service History பாருங்கள், அங்கே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் முதலாளி.

கம்பெனி மூடிவிட்டதா? நம் பக்கத்தில் மூடிய டேனரிகள் நிறைய உண்டு. அப்போது ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தைத் தாளில் நிரப்பி, கம்பெனி கையெழுத்துக்குப் பதிலாக அதிகாரம் உள்ள ஒருவரின் சான்றொப்பம் வாங்கி, பி.எஃப். அலுவலகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் கொடுக்க வேண்டும். கெசட்டட் அதிகாரி, நோட்டரி, வங்கி மேலாளர் போன்றவர்கள் சான்றொப்பமிடலாம். ஆதாரோடு, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததற்கான சான்றாகப் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

எந்த அலுவலகம் என்பதை உங்கள் வீட்டு முகவரி முடிவுசெய்வதில்லை. Member ID-இன் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள்தான் சொல்லும், முதல் இரண்டு வட்டாரம், அடுத்த மூன்று அலுவலகம். TNMAS என்று தொடங்கினால் சென்னை. இராணிப்பேட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குத் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போனவர்கள் வேலூர் அலுவலகத்தில் வரிசையில் நின்று, "உங்க ஃபைல் இங்கே இல்லைம்மா" என்ற பதிலோடு திரும்புவது இதனால்தான்.

ஒப்புதல் வந்துவிட்டதா என்று Profile-இல் பெயர் மாறியிருப்பதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். "அப்ரூவ் பண்ணிட்டோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

## 6. இப்போது வங்கிக் கணக்கைச் சேருங்கள்

வங்கி இணைப்பில் பி.எஃப். பக்கம் உங்கள் பெயரை அனுப்பும், வங்கி தன் கணினியில் உள்ள பெயரோடு ஒப்பிட்டு ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லும். பி.எஃப்.பில் இன்னும் KAVITHA K என்று இருக்கும்போது KAVITHA M கணக்கைச் சேர்த்தால் இல்லை என்றுதான் பதில் வரும். அதனால்தான் பெயர் முதலில், வங்கி பிறகு.

Manage, அதற்குள் KYC. Bank என்பதைத் தேர்ந்து கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்து ஆதார் ஓடிபியால் உறுதிசெய்ய வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வங்கி இணைப்புக்குக் கம்பெனி ஒப்புதல் தேவையில்லை, வங்கி சரிபார்த்தாலே போதும். கிளைம் போடும்போது காசோலைப் படமோ பாஸ்புக் படமோ ஏற்ற வேண்டியதும் அதோடு நின்றுவிட்டது. இன்னும் யாராவது கையெழுத்துப் போட்ட காசோலை கேட்டால் அவர் பழைய விதியைச் சொல்கிறார்.

ஐஎஃப்எஸ்சி விஷயத்தில் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதாதீர்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் 2020 ஏப்ரலில் இணைந்தன. விஜயா, தேனா வங்கிகள் அதற்கு முந்தைய ஆண்டே பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்துவிட்டன. பழைய கோடுகள் செல்லாது. கவிதாவின் பி.எஃப்.பில் இருந்த சிண்டிகேட் கணக்கு SYNB என்று தொடங்கும் கோடோடு கிடந்தது. நல்லவேளை, அதை மாற்ற முதலாளியைத் தேட வேண்டியதில்லை, புதுக் கணக்கைச் சேர்த்தால் பழையது போய்விடும். பல்லவன் கிராம வங்கி வைத்திருந்தவர்களும் பாருங்கள், அது 2019 ஏப்ரலில் தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது.

கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் சேமிப்புக் கணக்காக இருக்கட்டும். மகனுடனோ அண்ணனுடனோ சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். கணவர் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும் நடக்காது.

இன்னொரு வகைக் கணக்கையும் தவிருங்கள். முழு கேஒய்சி இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கில் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, ஓர் ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. பி.எஃப். பணம் அதைவிட அதிகமாக இருந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். பெயரெல்லாம் பொருந்தியும் பணம் திரும்புகிறதே என்று குழம்புபவர்கள் இதைச் சோதித்துப் பாருங்கள். கிளையில் ஆதார், பான் கொடுத்து முழு கேஒய்சி செய்துகொண்டால் வரம்பு நீங்கிவிடும்.

சேர்த்த கணக்கு முதலில் KYC Pending for Approval பகுதியில் இருக்கும். சரிபார்த்து முடிந்ததும் Currently Active KYC பகுதிக்கு வரும். அங்கே வந்த பிறகே கிளைம்.

வங்கி "பெயர் பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டால், குறை வங்கியின் கணினியில் இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் பி.எஃப்.பை நீங்கள் ஏற்கெனவே சரிசெய்துவிட்டீர்கள். கிளைக்குப் போய் ஆதார்படி பெயரை மாற்றிக் கேளுங்கள், புது அச்சு ஒன்று வாங்குங்கள், அதில் பெயரைப் பார்த்த பிறகு மறுபடி KYC பக்கத்துக்கு வாருங்கள். அதே கணக்கை ஒன்றும் மாற்றாமல் திரும்பத் திரும்பப் போடுவதால் பதில் மாறாது.

## 7. பான், வேலை விட்ட தேதி: இரண்டையும் ஒரு பார்வை

பானில் பழைய பெயர் இருப்பது எல்லாரையும் பாதிக்காது. மொத்தச் சேவை ஐந்து ஆண்டுக்குக் குறைவாகவும் தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேலும் இருந்தால்தான் வரிப் பிடித்தம் வரும், பான் இருந்தால் 10 சதவீதம், இல்லையென்றால் 20 சதவீதம். கவிதா ஐந்து ஆண்டைத் தாண்டியவர், அதனால் பணம் வரும் வழியில் பான் அவருக்குத் தடையாக இருக்காது. பிறகு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். ஐந்து ஆண்டுக்குக் குறைவானவர்கள் பானையும் ஆதார்ப் பெயருக்கு மாற்றிச் சேர்த்த பிறகே கிளைம் போடுவது நல்லது. பிடித்த வரியைத் திரும்பப் பெற வருமான வரி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிவரும்.

வேலை விட்ட தேதி Service History-இல் இல்லையென்றால் முழுப் பணம் எடுக்கும் வாய்ப்பே திரையில் வராது. கம்பெனி பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு போய் இரண்டு மாதம் கழிந்ததும் Manage-இல் Mark Exit வழியாக நீங்களே பதியலாம். தேதியை யோசித்துப் போடுங்கள், பிறகு திருத்த வேண்டுமென்றால் மறுபடி ஜாயின்ட் டிக்ளரேஷன்தான்.

## 8. கிளைம் போடுங்கள்

Online Services-இல் Claim (Form-31,19,10C & 10D). வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கும், பிறகு எதற்காக எடுக்கிறீர்கள் என்று கேட்கும். வேலையை விட்டவர்களுக்கு பி.எஃப். தொகைக்கு Form 19, ஓய்வூதியப் பங்குக்கு Form 10C, இரண்டும் தனித்தனி. ஒன்றைப் போட்டுவிட்டு "பாதிப் பணம்தான் வந்திருக்கு" என்று வருபவர்கள் பெரும்பாலும் 10C-ஐ மறந்தவர்கள். வேலையில் இருந்துகொண்டே முன்பணம் எடுப்பதற்கு Form 31.

கிளைம் போட்ட பிறகு வங்கியையோ பெயரையோ தொடாதீர்கள். நடுவில் மாற்றினால் கிளைமில் ஒரு விவரம், கணக்கில் ஒரு விவரம் என்று ஆகி, இவ்வளவு தூரம் வந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

## 9. ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தைப் படியுங்கள்

Online Services-இல் Track Claim Status. நிராகரிக்கப்பட்டது என்று மட்டும் பார்த்துவிட்டு மறுநாளே மறுபடி போடுவது வீண். பக்கத்தில் காரணம் இருக்கும். பெயர் வேறுபடுகிறது என்று இருந்தால் 2-ஆவது படிக்குப் போய்த் தாளில் எந்த வரி ஒட்டவில்லை என்று பாருங்கள். கணக்கு எண் அல்லது ஐஎஃப்எஸ்சி சரியில்லை என்று இருந்தால் நேராக 6-ஆவது படி.

கிளைம் முடிந்தது, பணம் அனுப்பப்பட்டது என்று காட்டுகிறது, ஆனால் வங்கிக்கு வரவில்லை என்பது வேறு நிலை. பணம் வங்கியிலிருந்து திரும்பி பி.எஃப். அலுவலகத்திடமே போயிருக்கும், தொலைந்துபோகவில்லை. புதுக் கிளைம் போடாதீர்கள், கணக்கில் அந்தத் தொகை ஏற்கெனவே கழிந்திருக்கும். வங்கிக் கணக்கை 6-ஆவது படியின்படி சரிசெய்துவிட்டு, அந்தத் தொகையைப் புதுக் கணக்குக்கு மறுபடி அனுப்பும்படி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். கிளைம் எண், அனுப்பிய தேதி, வங்கியில் வாங்கிய அச்சு மூன்றையும் இணையுங்கள்.

## 10. எங்கும் நகராவிட்டால்

பி.எஃப். விதிப்படி எல்லாம் சரியாக உள்ள கிளைமை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதைத் தாண்டினாலோ, கம்பெனி ஒப்புதல் தராமல் இழுத்தடித்தாலோ epfigms.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். ஒரு புகாரில் ஒரே விஷயத்தை எழுதுங்கள். கவிதாவாக இருந்தால் இப்படி: "2015 முதல் உறுப்பினர். யூஏஎன் இது. பெயரை KAVITHA K என்பதிலிருந்து ஆதார்படி KAVITHA M என்று மாற்ற இந்தத் தேதியில் ஜாயின்ட் டிக்ளரேஷன் அனுப்பினேன், கோரிக்கை எண் இது. நிறுவனம் இன்னும் ஒப்புதல் தரவில்லை." குடும்பக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதுவதைவிட இந்த நான்கு வரிக்கு வேகமாகப் பதில் வருகிறது.

நேரில் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் "நிதி ஆப்கே நிகட்" என்ற பெயரில் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது. விடுமுறை நாளாக இருந்தால் அடுத்த வேலை நாளில். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் இப்போது தனித்தனி மாவட்டங்கள் என்பதால் உங்கள் மாவட்டத்தில் எந்த இடத்தில் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இடம் மாதா மாதம் மாறும். போகும்போது அந்த நான்கு பெயர் எழுதிய தாள், ஆதார், வங்கி அச்சு, புகார் எண் எல்லாம் கையில் இருக்கட்டும். ஆதார் எண்ணுள்ள சிம் போட்ட போனையும் சார்ஜோடு கொண்டுபோங்கள், அங்கேயே ஓடிபி கேட்பார்கள்.